பத்திரத்தில் இரண்டு பேர் பெயர்: வீடு யாருக்கு?

(சட்டம் அறிவோம் பகுதி)



குழுக் கூட்டங்களில் வீட்டுப் பத்திரம் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலான அக்காமார்கள் சொல்வது இதுதான்: "எங்க வீட்டுப் பத்திரத்துல அவங்க பேரும் இருக்கு, என் பேரும் இருக்கு. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனாலும் வீடு எனக்குத்தானே?"

பத்திரத்தில் பெண் பெயரும் இருப்பது மிக நல்ல விஷயம். ஆனால் "அவர் போனால் வீடு முழுசும் எனக்கு" என்பது தானாக நடக்காது. இரண்டு பேர் பெயரில் வாங்கிய வீடு என்றால் நம் நாட்டில் ஆளுக்கு ஒரு பங்கு என்றுதான் பொருள். கணவர் பங்கு அவருடைய வாரிசுகள் எல்லாருக்கும் பிரியும். அந்த வாரிசுகளில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். இதை இந்த இதழில் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு வகைக் கூட்டுச் சொத்து

ஒரு வீட்டை இரண்டு பேர் சேர்ந்து வைத்திருப்பதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, எஞ்சியவருக்கே முழு உரிமை. இதில் இருவரும் சேர்ந்து முழு வீட்டுக்கும் சொந்தக்காரர்கள். ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் உயிருடன் இருப்பவருக்கு வந்துவிடும். பிள்ளைகளோ, மாமியாரோ, வேறு யாரோ அந்தச் சமயத்தில் பங்கு கேட்க முடியாது.

இரண்டாம் வகை, தனித்தனிப் பங்கு. வீடு பார்க்க ஒன்றாக இருந்தாலும், சட்டக் கணக்கில் உங்கள் பாதி வேறு, அவர் பாதி வேறு. நடுவில் சுவர் இல்லை, ஆனால் பங்கு இருக்கிறது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு அவர் வாரிசுகளுக்குப் போகும்.

நம் மாவட்டத்தில் இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு வாங்கும் கணவன் மனைவி, இந்த இரண்டு வகையில் எது வேண்டும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். முதல் வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழு வீடும் போய்விடும். அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் "ஜாயிண்ட் பேர் போட்டா போதும், பிரச்சினை இல்ல" என்று சொல்வது அந்த ஊர்க் கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு.

நம் நாட்டில் பத்திரத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டால் அது இரண்டாம் வகைதான். 1896-லேயே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. இரண்டு பேருக்குச் சேர்த்து எழுதிக் கொடுத்த சொத்தில், தெளிவான வார்த்தை இல்லாவிட்டால் "எஞ்சியவருக்கே எல்லாம்" என்று இந்துக்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு.

பாங்க் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாங்கில் "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்று கையெழுத்துப் போட்டால், ஒருவர் இறந்த பிறகு பாங்க் மற்றவரிடம் பணத்தைக் கொடுத்துவிடும். வீட்டுப் பத்திரத்துக்கு அந்த மாதிரி ஏற்பாடு தானாகக் கிடையாது.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். ஆலங்குடி பக்கம் ஓர் அக்காவும் அவர் கணவரும் சேர்ந்து, இருவர் பெயரிலும் வீட்டோடு மனை வாங்கினார்கள். இன்றைய மதிப்பு 16 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மகன், ஒரு மகள். மாமியார் உயிருடன் இருக்கிறார், மாமனார் இல்லை. கணவருக்கு ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். இந்துக் குடும்பம். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்.

முதல் படி: வீட்டில் பாதி, அதாவது 8 லட்சம், அக்காவுடையது. அதை யாரும் தொட முடியாது. கணவர் இறந்ததால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டாம் படி: கணவரின் பாதி 8 லட்சம். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வரிசை வாரிசுகளுக்கு இது சமமாகப் பிரியும். மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகிய நான்கு பேர். ஆளுக்கு 2 லட்சம். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டாலும் பங்கு உண்டு. மாமனார் உயிருடன் இருந்திருந்தாலும் அவர் முதல் வரிசையில் வரமாட்டார், ஆனால் மாமியார் வருவார்.

மூன்றாம் படி: கூட்டிப் பார்த்தால் அக்காவுக்கு 8 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 10 லட்சம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 லட்சம், மாமியாருக்கு 2 லட்சம். அதாவது வீடு 8 பங்கு என்றால் அக்காவுக்கு 5, மற்ற மூவருக்கும் ஆளுக்கு 1.

"அத்தைதானே, கூடத்தானே இருக்காங்க" என்று இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுகிறோம். சிக்கல் அடுத்த படியில் வருகிறது.

நான்காம் படி: சில வருடம் கழித்து மாமியாரும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய 2 லட்சம் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். நான்கு பிள்ளைகள் என்பதால் நான்கு பாகம், ஒரு பாகம் 50,000. கொழுந்தனாருக்கு ஒரு பாகம், நாத்தனார்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு பாகம். இறந்துபோன மகனின் பாகம் அவருடைய பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 25,000. மருமகளான அக்காவுக்கு இந்தப் பங்கில் எதுவும் இல்லை.

இப்போது அக்கா குடியிருக்கும் வீட்டில் கொழுந்தனாரும் இரண்டு நாத்தனார்களும் சட்டப்படி பங்குதாரர்கள். மூவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம்தான். ஆனால் வீட்டை முழுதாக விற்க வேண்டுமானால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். வீட்டை அடமானம் வைத்து பாங்கில் கடன் கேட்டால், பாங்க் எல்லார் கையெழுத்தையும் கேட்கும். ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாலும் வீடு இழுபறியில் நிற்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. சட்டம் அப்படிப் பிரித்துக்கொண்டே போகிறது.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே இருந்தால் இன்னொரு தடை உண்டு. தாய்தான் காப்பாளர் என்றாலும், மைனர் பிள்ளைக்குப் பிரிந்து வந்த பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். கணவர் இறந்த கையோடு கடனை அடைக்க வீட்டை விற்கலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மற்ற மதத்தினருக்கு

பாதி, பாதி என்ற கணக்கு எல்லாருக்கும் பொதுவானது. இறந்தவரின் பாதி எப்படிப் பிரியும் என்பதுதான் மதத்துக்கு மதம் மாறும்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் கணவர் உயில் இல்லாமல் இறந்தால், அவர் பாதியில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கு வராது.

முஸ்லிம் குடும்பத்தில், பிள்ளைகள் இருந்தால் கணவர் பாதியில் எட்டில் ஒரு பங்கு மனைவிக்கு, ஆறில் ஒரு பங்கு தாய்க்கு. மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று என்ற கணக்கில். இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரிசுக்கு மட்டும் சாதகமாக எழுதிய உயில், மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். அதனால் மனைவிக்குக் கொடுக்க நினைக்கும் கணவர், உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது தானமாகக் கொடுத்து அனுபவத்தையும் ஒப்படைப்பதுதான் வழி.

என்ன செய்யலாம்? மூன்று வழிகள்

கணவன் மனைவி இருவரும் உயிரோடு, நல்ல மனதோடு இருக்கும்போதுதான் இவற்றைச் செய்ய முடியும்.

1. கிரயப் பத்திரத்திலேயே எழுதுவது. புதிதாக வீடோ மனையோ வாங்குகிறவர்களுக்கு இது பொருந்தும். "எங்களில் ஒருவர் காலமானால் அவருடைய உரிமை முழுவதும் உயிருடன் இருப்பவரையே சேர வேண்டியது" என்கிற கருத்து பத்திரத்தில் சந்தேகம் இல்லாமல் இருக்க வேண்டும். "இருவரும் கூட்டாக அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதினால் போதாது. பத்திரம் எழுதுபவர்கள் வழக்கமான வாசகத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டு எழுதுங்கள். எழுதிய பிறகு ஒருவர் மட்டும் மனம் மாறினால் மாற்றுவது கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. ஒருவருக்கொருவர் உயில் எழுதுவது. ஏற்கனவே இருவர் பெயரில் வீடு இருப்பவர்களுக்கு இதுதான் செலவு குறைந்த வழி. கணவர் தன் பாதியை மனைவிக்கும், மனைவி தன் பாதியை கணவருக்கும் என்று தனித்தனியாக இரண்டு உயில். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கு இல்லாதவர்களாக, எழுதுபவரைவிட வயது குறைந்தவர்களாக இருப்பது நல்லது. பின்னாளில் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டும் அல்லவா? உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் "இது பொய் உயில்" என்ற சண்டை குறையும், தொலைந்தாலும் நகல் கிடைக்கும்.

உயிலில் ஒரு பலவீனம் உண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம். உங்களுக்குச் சொல்லாமலும் மாற்றலாம். கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும்.

3. செட்டில்மெண்ட் எழுதுவது. கணவர் தன் பாதியை இப்போதே மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்துவிடுவது. பதிவானதும் உரிமை மாறிவிடும். பிறகு அவர் மட்டும் நினைத்து ரத்து செய்ய முடியாது. கணவன் மனைவிக்குள் எழுதும்போது மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் இவற்றின் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. நம் உதாரணக் குடும்பத்தில் 8 லட்சம் பாதிக்கு 8,000 மற்றும் 8,000, மொத்தம் சுமார் 16,000 ரூபாய். எழுதப் போகும் முன் அன்றைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "நான் இருக்கும் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு" என்று கணவர் அதில் எழுதிக்கொள்ளலாம். அது நியாயம்தான்.

முழுதும் எஞ்சியவருக்கே என்பது எப்போதும் நல்லதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. "எஞ்சியவருக்கே" என்ற ஏற்பாடு இரண்டு பக்கமும் வெட்டும். கணவர் முதலில் போனால் உங்களுக்கு முழு வீடு. நீங்கள் முதலில் போனால் அவருக்கு முழு வீடு.

நம் உதாரண அக்காவையே எடுத்துக்கொள்வோம். அவர் பாதியில் அம்மா வீட்டு நகையை விற்ற பணமும், குழுக் கடனும் இருக்கிறது. அவர் முதலில் இறந்து, வீடு முழுவதும் கணவருக்குப் போய்விட்டது. கணவர் மறுமணம் செய்து, அதில் ஒரு குழந்தையும் பிறக்கிறது. பிறகு அவரும் உயில் இல்லாமல் இறந்தால், 16 லட்சம் வீட்டில் இரண்டாம் மனைவிக்கும் அந்தக் குழந்தைக்கும் அக்காவின் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. அக்காவின் நகைப் பணத்துக்குத் தனிக் கணக்கு எதுவும் இருக்காது. கணவர் விரும்பினால் உயிரோடு இருக்கும்போதே வீட்டை விற்றுவிடவும் முடியும், பிள்ளைகள் தடுக்க முடியாது.

அதே வீடு தனித்தனிப் பங்காக இருந்திருந்தால்? அக்காவின் 8 லட்சம் கணவர், மகன், மகள் மூவருக்கும் சமமாகப் பிரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அம்மா வழிப் பங்கு அப்போதே உறுதியாகி இருக்கும். அக்கா தன் பாதியைப் பிள்ளைகளுக்கே உயில் எழுதி, கணவர் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், எஞ்சியவருக்கே என்பது தனியாக நிற்கப் போகும் கணவனையோ மனைவியையோ காப்பாற்றும். தனித்தனிப் பங்கு பிள்ளைகளைக் காப்பாற்றும். பிள்ளைகள் சின்னவர்கள், கொழுந்தன் நாத்தனார் பக்கம் பிரச்சினை வரலாம் என்றால் முதலாவது உதவும். முதல் தாரத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அல்லது அம்மா வீட்டுப் பணம் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்றால் தனிப் பங்கும் உயிலும் உதவும்.

பாதி என்பதையும் எழுதி வையுங்கள்

இருவர் பெயர் இருந்தும் பங்கு எவ்வளவு என்று எழுதாவிட்டால் ஒரு வாதம் கிளம்பும். யார் எவ்வளவு பணம் போட்டார்களோ அந்த அளவுக்குத்தான் பங்கு என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது. யார் எவ்வளவு போட்டது என்று நிரூபிக்க முடியாவிட்டால்தான் சமம். அதனால் "முழுப் பணமும் எங்க அண்ணன் வெளிநாட்டுல சம்பாதிச்சது" என்று யாராவது கிளம்பினால் உங்கள் பாதிக்கே கேள்வி வரும்.

நெய்வேலியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இப்படித்தான் நடந்தது. கணவர் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து, அந்தப் பணத்தில் சொத்து வாங்கினார். பிறகு இருவருக்கும் தகராறு. எல்லாம் என் சம்பாத்தியம் என்று கணவர் வழக்குப் போட்டார். வழக்கு முடியும் முன்பே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள். 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்புச் சொன்னார். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் சொத்து சேர்ந்ததற்கு மனைவி கொடுத்த பங்களிப்புதான், ஆகவே மனைவிக்கு அதில் சம உரிமை உண்டு என்றார்.

நமக்கு வலு சேர்க்கும் தீர்ப்புதான். ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பத்திரத்தில் "ஆளுக்குச் சரிபாதி" என்று இரண்டு வார்த்தை எழுதினால் அந்த அலைச்சல் இல்லை. நகை விற்ற ரசீது, பாங்க் சீட்டு, வீட்டுக்காகக் கடன் வாங்கியதைக் காட்டும் குழுத் தீர்மானப் புத்தகப் பக்கத்தின் நகல் ஆகியவற்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

அரசு வீடு கட்டியவர்கள் கவனிக்க

2016-ல் தொடங்கிய பிரதமர் கிராம வீடு திட்டத்தில் கணவன் மனைவி இருவர் பெயரிலோ, மனைவி பெயரில் மட்டுமோ வீடு ஒதுக்குவார்கள். ஆனால் ஒதுக்கீட்டு ஆணை வேறு, மனை உரிமை வேறு. வீடு நிற்கும் மனை மாமனார் பெயரில் நத்தம் பட்டாவாக இருந்தால், ஆணையில் உங்கள் பெயர் இருப்பதால் மனையில் பங்கு வந்துவிடாது. முதலில் மனையை மாமனாரிடம் இருந்து உங்கள் இருவர் பெயருக்கும் எழுதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

கணவர் ஏற்கனவே இறந்திருந்தால்

தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். யார் யார் வாரிசு என்பதை மட்டுமே அது காட்டும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. மாமியார் உயிருடன் இருந்து மனமும் இருந்தால், அவர் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது நல்லது. வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கி வைத்தால் செல்லாது. மருமகள் பெயருக்கா, பேரப்பிள்ளைகள் பெயருக்கா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும், கேட்டுவிட்டு எழுதுங்கள். மாமியாரை வற்புறுத்தக் கூடாது. அவரும் சொத்துரிமை உள்ள ஒரு பெண்தான். அவர் மகனை இழந்தவர்.

வீட்டில் செய்ய வேண்டியது

இந்த வாரம் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஆளுக்குப் பாதி என்று இருக்கிறதா? ஒருவர் இறந்தால் யாருக்கு என்று ஏதாவது வரி இருக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது?

சந்தேகம் இருந்தால் புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்கள்? எத்தனை பேர் வீடு மாமனார் மனையில் நிற்கிறது?

2. 12 லட்சம் மதிப்புள்ள வீடு, கணவன் மனைவி பெயரில் சரிபாதி. இந்துக் குடும்பம். கணவர் உயில் இல்லாமல் இறந்தார். மனைவி, இரண்டு மகள்கள் உள்ளனர், மாமியார் இல்லை. மனைவிக்கு மொத்தம் எவ்வளவு? (விடை: 6 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 8 லட்சம்.)

3. அந்த மனைவிக்குத் தன் பங்கு மகள்களுக்கே போக வேண்டும் என்று விருப்பம். அவர் எந்த வழியை எடுக்கலாம்?